வர இயலாத உரிமையாளருக்கு ஆண்டுக் கூட்ட அறிவிப்பையும் தணிக்கைக் கணக்கையும் சுருக்கித் தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிர் வீட்டு அக்கா தன் மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் போயிருக்கிறார். சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு அறிவிப்பையும் தணிக்கை செய்த கணக்கையும் படித்துச் சுருக்கமாகச் சொல்லும்படி என்னிடம் கேட்டிருக்கிறார். பதின்மூன்று பக்கம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் பக்கத்தில் வணக்கம், இடம், நேரம், சென்ற ஆண்டு நடவடிக்கைக் குறிப்பை ஏற்பது என்று ஆண்டுதோறும் மாறாத வரிகள்தான் இருக்கும். நிகழ்ச்சி நிரலில் "முடிவெடுத்தல்", "ஒப்புதல் அளித்தல்", "திருத்தம்" என்று முடியும் வரிகளை முதலில் பென்சிலால் சுழியுங்கள். அக்காவின் பணத்தையோ உரிமையையோ தொடுகிற வரிகள் அவைதான். கணக்கைப் பிறகு அந்த வரிகளை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கணக்கைத் தனியாகச் சுருக்கினால் எண்களின் பட்டியல்தான் மிஞ்சும்.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் 24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. மாதப் பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு ரூ.2,500, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான உரிமையாளர் சங்கம். கூட்டம் 2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. அறிவிப்பின் தேதி செப்டம்பர் 5. கணக்கு 2025 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்கானது. எண்கள் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. ஆனால் இவற்றில் உள்ள சிக்கல் ஒவ்வொன்றும் நம் ஊர்ச் சங்கங்களில் அன்றாடம் காண்கிறவைதான்.

நிகழ்ச்சி நிரலில் எட்டு பொருள்கள் இருக்கின்றன. எட்டையும் எழுத வேண்டுமா?

மூன்று போதும். இந்த அறிவிப்பில் பணமும் உரிமையும் சம்பந்தப்பட்டவை: லிப்டைப் புதுப்பிக்கச் சிறப்பு வசூல், அக்டோபர் 1 முதல் மாதக் கட்டணத்தை ரூ.3,000 ஆக்குவது, சங்கத்தின் சொந்த விதிகளான துணைவிதிகளின் திருத்தம். கணக்கை ஏற்பதும் ஆடிட்டரை நியமிப்பதும் சேர்ந்து ஒரே வரி. "தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்" என்ற கடைசி வரிக்குத் தனி எச்சரிக்கை தேவையில்லை. ஆனால் அந்த வரியின் கீழ் பெரிய தொகைக்குத் தீர்மானம் போட்டதாகப் பின்னால் செய்தி வந்தால், அதை முன்கூட்டி அறிவிக்கவில்லை என்று கேட்க அக்காவுக்கு இடமுண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். நிகழ்ச்சி நிரலில் "லிப்ட் சம்பந்தமாகச் சிறப்பு வசூல் குறித்து முடிவெடுத்தல்" என்றுதான் இருக்கும், தொகை இருக்காது. ஒன்பதாம் பக்கத்தில் பொருளாளரின் குறிப்பில்தான் "வீட்டுக்கு ரூ.25,000, மீதி மூலநிதியிலிருந்து" என்று வரும். இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக எழுதிவிட்டால் சுருக்கத்தில் பாதி முடிந்தது.

வருவாய் செலவினக் கணக்கில் உபரி ரூ.36,000 என்று இருக்கிறது. சங்கத்தின் நிலை நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடலாம் அல்லவா?

அவசரப்படாதீர்கள். மூன்று தாள்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வருவாய் செலவினக் கணக்கு, வர வேண்டிய பணத்தை வந்ததாகவே வைத்து எழுதப்படுவது. 24 வீடு, மாதம் 2,500, பன்னிரண்டு மாதம்: ரூ.7,20,000. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது அந்தத் தாளில் தெரியாது. மூலநிதியாகப் போட்டிருக்கும் ரூ.8 லட்சம் வைப்புத்தொகைக்கு வட்டி ரூ.54,000. ஆக வருமானம் ரூ.7,74,000. காவலாளி சம்பளம், மின்கட்டணம், துப்புரவு, லிப்ட் பராமரிப்பு, சில்லறைப் பழுதுகள் எல்லாம் சேர்ந்து செலவு ரூ.7,38,000. கழித்தால் ரூ.36,000 உபரி. இதுவரை தவறே இல்லை.

இப்போது இருப்புநிலைக் குறிப்பில் "உறுப்பினர்களிடமிருந்து வர வேண்டியது" என்ற வரிக்குப் போங்கள். சென்ற ஆண்டு ரூ.95,000, இந்த ஆண்டு ரூ.1,85,000. அதாவது இந்த ஆண்டு வருமானமாக எழுதப்பட்ட தொகையில் ரூ.90,000 கைக்கு வரவே இல்லை. வட்டியிலும் வங்கி வரியாக ரூ.5,400 பிடித்துக்கொண்டது. மறுபக்கம் யாருடையது என்று தெரியாமல் வந்த ரூ.7,500 வரவு ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். 36,000-இல் 90,000-ஐயும் 5,400-ஐயும் கழித்து 7,500-ஐக் கூட்டினால், ரூ.51,900 குறைவு.

இந்தக் கணக்கு சரியா என்று பார்க்க மூன்றாவது தாள் இருக்கிறது: பெறுதல்கள் செலுத்தல்கள் கணக்கு. அதன் தொடக்கத்தில் சேமிப்புக் கணக்கும் ரொக்கமும் ரூ.1,42,400, முடிவில் ரூ.90,500. வித்தியாசம் அதே ரூ.51,900. இது ஒத்துப்போனால் நீங்கள் கணக்கைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள். ஒத்துப்போகவில்லையென்றால், கொடுக்க வேண்டிய பாக்கி, முன்பணம் போன்ற வரி எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள். இருப்புநிலைக் குறிப்பின் ஒவ்வொரு வரியிலும் சென்ற ஆண்டு எண்ணையும் இந்த ஆண்டு எண்ணையும் ஒப்பிட்டுத் தேடுங்கள்.

அக்காவுக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்: "காகிதத்தில் உபரி ரூ.36,000. கையிருப்பு ரூ.51,900 குறைந்திருக்கிறது. மீதி ரூ.90,500, அது ஒன்றரை மாதச் செலவுக்குக் காணும்." மாதக் கட்டண உயர்வை ஏன் கேட்கிறார்கள் என்பது இதிலேயே விளங்கிவிடும். செலவு எகிறியதால் வந்த நெருக்கடி இல்லை இது. வசூல் தளர்ந்ததால் வந்தது. உயர்வுக்கு வாக்களிக்கும் முன் இந்த வேறுபாடு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிலுவை வைத்திருப்பவர்களின் பெயரையும் எழுதலாமா?

பெயர் வேண்டாம். வீட்டு எண்ணும் தேவையில்லை. "ரூ.1,85,000 நிலுவையில் ரூ.1,50,000 மூன்று வீடுகளுடையது, தலா இருபது மாதம்" என்றால் போதும். உங்கள் தாள் வாட்ஸப்பில் எங்கெங்கு போகும் என்று உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு மாடிப்படியில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்.

ஆனால் இந்த மூன்று வீட்டுச் செய்தி லிப்ட் விஷயத்துக்கு முக்கியம். மாதம் 2,500 கட்டாதவர்கள் 25,000-ஐக் கட்டுவார்கள் என்று நம்புவதற்கு ஆதாரம் எதுவும் குறிப்பில் இல்லை. அவர்கள் கட்டாவிட்டால் ரூ.75,000 துண்டு விழும். அதை யார் ஏற்பது என்பது கேள்விப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

அந்த நிலுவைப் பட்டியலில் அக்காவின் வீட்டுக்கும் ரூ.7,500 என்று போட்டிருக்கிறது. அவரோ ஒரு பைசா பாக்கி இல்லை என்கிறார்.

இருவருமே சரியாக இருக்கலாம். இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் கடைசியில் "அனாமத்து ரூ.7,500" என்று ஒரு வரி இருக்கிறது, பாருங்கள். வங்கியில் பணம் வந்தது, அனுப்பியவர் எந்த வீடு என்று பொருளாளருக்குத் தெரியவில்லை என்றால் அது அங்கேதான் போய் உட்காரும். மூன்று மாதக் கட்டணமும் அனாமத்துத் தொகையும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. மருமகன் கணக்கிலிருந்து, குறிப்பில் வீட்டு எண் போடாமல் அனுப்பியிருப்பார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

அக்காவிடம் பணம் அனுப்பிய தேதியும், அந்தப் பரிமாற்றத்துக்கு வங்கி தந்த யூடிஆர் எண்ணும் வாங்கி, கூட்டத்துக்கு முன்பே பொருளாளருக்கு அனுப்புங்கள். பல சங்கங்களில் பாக்கி உள்ளவருக்கு வாக்கில்லை என்று துணைவிதி இருக்கும். அக்காவுக்குப் பதிலாக வாக்களிக்க ஒரு பதிலாள் போய் நிற்கும்போது "உங்கள் வீட்டுக்குப் பாக்கி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டால் அந்த நேரத்தில் வங்கிப் பட்டியலைத் தேட முடியாது.

ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கு மேல் நாம் என்ன பார்க்க வேண்டும்?

கையெழுத்துக்கு மேலே இருக்கும் பத்தியை. "கீழ்க்கண்ட குறிப்புகளுக்கு உட்பட்டு" என்று ஒரு சொற்றொடர் வந்தால் அங்கே நில்லுங்கள். இந்த அறிக்கையில் இரண்டு குறிப்புகள்: உறுப்பினர் நிலுவைகளுக்கு உறுதிக் கடிதம் பெறப்படவில்லை, பழுதுபார்ப்புச் செலவில் ரூ.38,000-க்கு பில் இல்லை, சங்கத்தின் உள்வவுச்சர் மட்டுமே உள்ளது.

முதலாவதன் பொருள், நிலுவைத் தொகை சங்கப் புத்தகம் சொல்வது மட்டுமே, உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டது இல்லை என்பது. அக்காவின் 7,500 எப்படி யாரும் கேட்காமலேயே அந்தப் பட்டியலில் ஏறியது என்பதற்கும் விடை அதிலேயே இருக்கிறது. இரண்டாவதை அப்படியே எழுதுங்கள், ஊகம் சேர்க்காதீர்கள். பிளம்பரும் செப்டிக் டாங்க் லாரிக்காரரும் நம் ஊரில் பில் புத்தகம் வைத்துக்கொண்டு வருவதில்லை; பில் இல்லை என்பதாலேயே பணம் போய்விட்டது என்று ஆகாது. "ரூ.38,000-க்கு பில் இல்லை என்று ஆடிட்டர் குறித்திருக்கிறார், எந்தெந்த வேலை என்று கேட்கலாம்" என்பதோடு நிறுத்துங்கள்.

ஆடிட்டர் பார்ப்பது எழுதிய கணக்கை. வேலை தேவையா, விலை கூடுதலா என்பதை அவர் பார்ப்பதில்லை. அதைப் பொதுக்குழுதான் கேட்க வேண்டும்.

கணக்கில் இல்லாத எதையாவது குறிப்பிடலாமா?

ஒன்றைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். செலவுப் பட்டியலில் கட்டடக் காப்பீட்டுப் பிரீமியம் என்று ஒரு வரி இருக்கிறதா? இந்தக் கணக்கில் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் என்ன செய்தது என்று திருநெல்வேலியில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்தக் குடியிருப்பிலும் லிப்ட் குழியில் தண்ணீர் நின்று துருப்பிடித்ததுதான் இன்றைய சிறப்பு வசூலுக்குக் காரணம் என்று பொருளாளரே எழுதியிருக்கிறார். காப்பீடு இருந்ததா, இழப்பீடு கேட்டார்களா, இனியாவது எடுப்பார்களா என்ற கேள்வி நியாயமானது. ஒரு வரி இல்லாததைக் கண்டுபிடிப்பது கடினம். சென்ற ஆண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் பிடிபடும்.

லிப்டுக்கு ரூ.25,000 நியாயமான தொகையா என்று என் கருத்தை எழுதலாமா?

கருத்துக்கு முன் கணக்கு. குறிப்பின்படி செலவு ரூ.9 லட்சம். 24 வீட்டில் தலா 25,000 என்றால் ரூ.6 லட்சம், மீதி ரூ.3 லட்சம் மூலநிதி வைப்பிலிருந்து. பார்க்கச் சரியாகவே இருக்கிறது.

இணைப்பில் உள்ள விலைப்புள்ளியைத் திறந்து கடைசிப் பக்கத்து நிபந்தனைகளைப் படியுங்கள். "வரிகள் தனி" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ரூ.1,62,000 கூடும். மொத்தம் ரூ.10,62,000. பொருளாளரின் குறிப்பில் இந்தத் தொகை எங்கும் இல்லை. வீட்டுக்கு வீடு பிரித்தால் இன்னும் ரூ.6,750. இது மறதியா, மூலநிதியிலிருந்து கூடுதலாக எடுக்கும் எண்ணமா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அக்கா 25,000-ஐ மட்டும் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

இன்னொன்று. மூலநிதியில் ரூ.3 லட்சத்தை எடுத்தால் அதற்கு வந்துகொண்டிருந்த வட்டியும் நின்றுவிடும். ரூ.8 லட்சத்துக்கு 54,000 என்றால் வட்டி விகிதம் 6.75 சதவீதம், மூன்று லட்சத்துக்கு ஆண்டுக்கு ரூ.20,250. மாதக் கட்டண உயர்வால் ஆண்டுக்கு வரப்போவது ரூ.1,44,000. அதில் ஏழில் ஒரு பங்கு இந்த வட்டி இழப்பை ஈடுகட்டவே போய்விடும்.

விலைப்புள்ளி ஒன்றுதான் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். மூன்று வாங்கினார்களா என்று கேட்பது வழக்கம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இத்தனையும் எழுதிய பிறகு உங்கள் கருத்து தேவைப்படாது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் தனிப் பத்தியாக, "இது என் எண்ணம்" என்று தொடங்கி எழுதுங்கள்.

துணைவிதித் திருத்தம் என்றால் என்ன? அது அக்காவைப் பாதிக்குமா?

இந்த அறிவிப்பில் உள்ள திருத்தம், குடியிருப்பில் வசிக்காத உரிமையாளர் நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிட முடியாது என்பது. மஸ்கட்டில் ஆறு மாதம் தங்கப் போகிறவர் "வசிக்காதவர்" கணக்கில் வருவாரா என்று வரைவில் விளக்கம் இல்லை. வீட்டை வாடகைக்கு விடும் யோசனையும் அவருக்கு இருந்தால் இது அவர் காதில் விழ வேண்டிய செய்தி.

நாள் கணக்கையும் பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி துணைவிதியைத் திருத்த சிறப்புத் தீர்மானம் வேண்டும். சிறப்புத் தீர்மானம் என்றால் அதைக் கொண்டுவரும் எண்ணத்தைக் குறிப்பிட்டு 21 நாளுக்குக் குறையாத அறிவிப்பும், வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் தேவை. செப்டம்பர் 5-க்கும் 21-க்கும் இடையே 16 நாள்தான். இதைச் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையதன்று. "16 நாள் அறிவிப்பில் இந்தத் திருத்தத்தை எடுக்கலாமா என்று செயலாளரிடம் கேட்கலாம்" என்று எழுதுங்கள். நல்ல செயலாளராக இருந்தால் அந்த ஒரு பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்.

உங்களுடையது கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கமாக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது; அதற்குக் கூட்டுறவுச் சட்டம் தனி. அறிவிப்பின் தலைப்பில் பதிவு எண்ணோடு எந்தச் சட்டம் என்றும் போட்டிருப்பார்கள்.

"கோரம் இல்லையெனில் அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் கூட்டம் நடைபெறும்" என்கிறார்கள். இதையும் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், ஒரு வரியில். பத்தரைக்கு ஆள் சேராவிட்டால் பதினொரு மணிக்கு வந்தவர்களை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். துணைவிதியில் அதற்கு இடமிருந்தால் முறையானதே. கூட்டம் தள்ளிப்போகும் என்று அக்கா நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

அவர் வாக்களிக்க வழி உண்டா?

துணைவிதி பதிலாளை அனுமதித்தால் உண்டு. அறிவிப்பின் கடைசித் தாள் பதிலாள் படிவமாக இருந்தால் அனுமதி இருக்கிறது என்று கொள்ளலாம். எத்தனை மணி நேரத்துக்கு முன் கொடுக்க வேண்டும், பதிலாள் உறுப்பினராகத்தான் இருக்க வேண்டுமா என்று அதிலேயே இருக்கும். படிவம் இல்லையென்றால் செயலாளரைக் கேளுங்கள். வாட்ஸப் குழுவில் "எனக்குச் சம்மதமில்லை" என்று போடுவது வாக்கு ஆகாது. கேள்விகளை எழுத்தில், கூட்டத்துக்கு முன்பே செயலாளருக்கு அனுப்பி, கூட்டத்தில் படிக்குமாறு கேட்டுக்கொள்வது எந்தச் சங்கத்திலும் முடிகிற காரியம்.

எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி காட்டுங்கள்.

போன் திரையில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும்.

> அக்கா, செப்டம்பர் 21 ஞாயிறு காலை 10.30 மணிக்குக் கீழ்த்தளத்தில் கூட்டம். 11 மணிக்கு வந்தவர்களை வைத்து நடத்திவிடுவார்கள்.
>
> உங்கள் பணம்: லிப்டுக்கு ரூ.25,000 கேட்கிறார்கள். அக்டோபரிலிருந்து மாதம் 3,000. இரண்டும் நிறைவேறினால் மார்ச்சுக்குள் இப்போதையதைவிடக் கூடுதலாக ரூ.28,000. லிப்ட் விலையில் ஜிஎஸ்டி சேரவில்லை (விலைப்புள்ளி கடைசிப் பக்கம்). சேர்ந்தால் வீட்டுக்கு இன்னும் ரூ.6,750 வரலாம்.
>
> சங்கத்தின் நிலை: உபரி ரூ.36,000 என்றாலும் கையிருப்பு ரூ.51,900 குறைந்து ரூ.90,500 ஆகிவிட்டது. காரணம் நிலுவை, ரூ.1,85,000-இல் ரூ.1,50,000 மூன்று வீடுகளுடையது. வைப்புத்தொகை ரூ.8 லட்சம் அப்படியே இருக்கிறது. லிப்டுக்கு 3 லட்சம் எடுக்கக் கேட்கிறார்கள்.
>
> ஆடிட்டர் குறிப்பு: ரூ.38,000 பழுதுச் செலவுக்கு பில் இல்லை. நிலுவைகளை உறுப்பினர்களிடம் உறுதிப்படுத்தவில்லை.
>
> துணைவிதி: வசிக்காத உரிமையாளர் நிர்வாகக் குழுவுக்கு நிற்க முடியாது என்று மாற்றப் பார்க்கிறார்கள். அறிவிப்பு 16 நாள்தான். 21 நாள் வேண்டாமா என்று கேட்கலாம்.
>
> நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் பெயரில் ரூ.7,500 பாக்கி காட்டுகிறது. அனுப்பிய தேதியும் யூடிஆர் எண்ணும் தாருங்கள். பதிலாள் படிவம் இணைத்திருக்கிறேன்; வியாழக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பினால் கொடுத்துவிடுவேன்.
>
> கேட்க வேண்டியவை: ஜிஎஸ்டி எங்கிருந்து? மூன்று வீடு கட்டாவிட்டால்? வேறு விலைப்புள்ளி உண்டா? காப்பீடு எடுத்திருக்கிறார்களா?

ஜிஎஸ்டி செய்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பதைக் கவனியுங்கள். சந்தேகப்படுகிறவர் மூலத்தைத் திறந்து பார்க்க அதுதான் வழி. அறிவிப்பையும் கணக்கையும் முழுதாக, அசல் பிடிஎப் ஆகவே, கூட அனுப்புங்கள்.

எழுதுவதற்குப் பதில் குரல் பதிவாக அனுப்பிவிடலாமா?

அனுப்பலாம், ஆனால் எண்களை எழுத்தில் கொடுங்கள். "இருபத்தஞ்சு", "இருபத்தெட்டு" என்று காதில் கேட்ட தொகை மகளிடம் சொல்லும்போது மாறிவிடும்.

கூட்டம் முடிந்த பிறகு என் வேலை முடிந்ததா?

இன்னும் ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. அறிவிப்பில் கேட்டதும் கூட்டத்தில் நிறைவேறியதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. 25,000 இரண்டு தவணையாகியிருக்கலாம். 3,000 என்பது 2,800-இல் நின்றிருக்கலாம். கூட்டத்துக்குப் போனவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். செயலாளரிடம் தீர்மான நகலைக் கேட்டு வாங்கி, தொகை, கட்ட வேண்டிய கடைசி நாள், கணக்கு எண் மூன்றையும் அதிலிருந்தே எடுத்து அனுப்புங்கள். பணம் அனுப்பும்போது குறிப்பில் வீட்டு எண்ணையும் "லிப்ட்" என்ற சொல்லையும் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மார்ச்சில் அந்த 25,000-மும் அனாமத்தில் போய்ச் சேரும்.